கங்காவைப் பற்றி ஓர் அம்மாவும் மகளும்

“அம்மாவும் மகளும் ஒரே நாவலைப் படித்துவிட்டு அதன் கதாநாயகியைப் பற்றி வாக்குவாதம் செய்வதாக ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை திருத்தி எழுதியும் பட்டிமன்றம் போலவே இருக்கிறது. அம்மா பழமையாகப் பேசுகிறாள், மகள் புதுமையாகப் பேசுகிறாள், கடைசியில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?”

நீங்கள் சொல்வதைக் கொண்டு பார்த்தால், உங்கள் கதையில் வரும் இருவரும் அந்த நாவலைப் படிக்கவேயில்லை. நீங்கள் படித்துவிட்டு, உங்கள் மனத்தில் எழுந்த இரண்டு கருத்துகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இது சரிதானா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பிரதியில் நாவலின் பெயரையும் நாயகியின் பெயரையும் அடித்துவிட்டு, வேறொரு நாவலின் பெயரை அந்த இடத்தில் எழுதி, உரையாடலை மீண்டும் வாசியுங்கள். ஒரு வரியைக்கூட மாற்றாமல் உரையாடல் அப்படியே செல்லுபடியாகிறது என்றால், அவர்கள் பேசுவது பெண் சுதந்திரத்தைப் பற்றியோ குடும்ப மானத்தைப் பற்றியோ இருக்கலாம். ஒரு புத்தகத்தைப் பற்றி இல்லை. சிற்றிதழுக்கு வரும் கதைகளைப் பல ஆண்டுகள் வாசித்துத் தேர்ந்தெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

ஆகவே நாவலைப் பொதுவாக “ஒரு நாவல்” என்று விட்டுவிடாமல், குறிப்பிட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் கதைக்கு நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஜெயகாந்தனின் “சில நேரங்களில் சில மனிதர்கள்”. அது புகழ்பெற்றது என்பதற்காக அன்று. நீங்கள் எழுத விரும்பும் சண்டை அந்த நாவல் பிறப்பதற்கு முன்பே தமிழ் வீடுகளில் நடந்திருக்கிறது என்பதற்காக.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் “அக்கினிப் பிரவேசம்” என்ற சிறுகதையை எழுதினார். மழை பெய்யும் ஒரு மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள்; அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அவள் உண்மையைச் சொன்னதும் தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தாருக்கு எதுவும் தெரியாதபடி மறைத்து, மகளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் தண்ணீர் ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்கிறாள். அந்தத் தாயின் செயல் சரியா என்பது பெரிய சர்ச்சையாயிற்று. கதைக்கு வேறு முடிவு எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. பின்னர் ஜெயகாந்தனே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். தாய் அப்படிச் செய்யாமல் அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தினமணி கதிரில் தொடராக வந்து, 1972இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்ற நாவல் அந்தக் கேள்விக்கான விடை. தாய் கனகம் அலறிவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் கணேசன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான், மாமா வெங்கட்ராமய்யர் அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிறார். ஆனால் அவருடைய பார்வையும் கையும் சும்மா இருப்பதில்லை. கங்கா படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் காரில் வந்தவனைத் தேடிப் போகிறாள். பிரபு என்ற அந்த மனிதனுக்கு மனைவி இருக்கிறாள், கல்லூரி வயதில் மகளும் இருக்கிறாள். அவனுடன் உடலுறவு ஏதும் இல்லாத ஒரு விசித்திரமான தோழமையை அவள் ஏற்படுத்திக்கொள்கிறாள். ஊர் அவளை அவனுடைய வைப்பாட்டி என்கிறது, அவள் மறுக்கவில்லை.

இதில் உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் செய்தி ஒன்று உண்டு. அந்த முதல் சிறுகதை நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. அதைக் கங்கா வாசிக்கிறாள். அவள் தாயையும் வாசிக்கவைக்கிறாள். அதாவது தாயும் மகளும் ஒரே கதையை வாசித்து வேறு வேறாகக் கலங்கும் காட்சி தமிழில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அங்கே இருவரும் கதையின் நாயகியைப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றிய அந்தத் தாயைத்தான் பார்க்கிறார்கள். ஒருத்தி தனக்குக் கிடைக்காத தாயைப் பார்க்கிறாள், மற்றவள் தான் ஆகாமல்போன தாயைப் பார்க்கிறாள். நீங்கள் இந்த நாவலை எடுத்துக்கொண்டால் அந்தக் காட்சியைத் தெரியாததுபோல் கடந்து போக முடியாது. அதே சமயம் அதைத் திருப்பி எழுதவும் கூடாது. உங்கள் இருவரும் கங்காவைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும். கனகத்தைப் பற்றிய பேச்சு அதற்கடியில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இனி, யார் எந்தப் பக்கம்? அம்மா கங்காவைத் திட்டுவாள், மகள் கங்காவுக்காகப் பேசுவாள் என்பதுதான் முதலில் தோன்றும். முதலில் தோன்றுவதாலேயே அது வாசகருக்கும் தெரிந்துவிடுகிறது. இதைச் சும்மா புரட்டிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, புரட்டிப்போடுவதும் ஒரு சூத்திரம்தான். ஆனால் இந்த நாவலை இன்றைக்கு நாற்பது வயதுள்ள ஒரு பெண் எப்படி வாசிப்பாள் என்று உண்மையாகவே யோசித்தால், அவளுக்குக் கங்காமேல் கோபம் வருவதுதான் இயல்பு. நடந்ததை அவள் பலாத்காரம் என்ற ஒரே சொல்லால் அழைப்பாள். அதைச் செய்தவனைத் தேடிப் போய் அவனோடு ஊர் சுற்றுகிறவளை அவளால் மன்னிக்க முடியாது. மாறாக, அந்த நாவலைப் பதினாறு வயதில் வாராவாரம் வாசித்த பெண், அதாவது இன்று எழுபது வயதுள்ள அம்மா, அதில் முற்றிலும் வேறொன்றைப் பார்த்திருப்பாள்.

என்ன பார்த்திருப்பாள் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் கதையின் உயிர் இருக்கிறது. ஆகவே அம்மாவுக்கு முதலில் ஒரு வாழ்க்கை கொடுங்கள். நான் கொடுத்துப் பார்த்தது இது: திருச்சிக்காரி; 1974இல் இருபது வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள்; காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு டிரங்கால் இணைத்துக் கொடுத்தவள்; இரண்டாவது ஷிப்ட் முடிந்து இரவுப் பேருந்தில் தனியாக வீடு திரும்பியவள்; அறுபதில் ஓய்வு பெற்று இப்போது பென்ஷன் வாங்குகிறவள். இப்படிப்பட்டவளுக்குக் கங்காவின் கதையில் கார் பெரிதாகத் தெரியாது. சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்து, ஆண்களுக்கு மேலே அதிகாரியாக உட்கார்ந்து, வாடிக்கையாகப் பேருந்தில் போய்வரும் ஒரு கல்யாணமாகாத பெண்ணைத்தான் அவள் முதன்முதலாக ஒரு தொடர்கதையில் பார்த்தாள். மகளுக்கு இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவள் பிறந்தபோதே அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளும் கல்லூரி முடித்ததும் வேலைக்குப் போய்விட்டாள். ஒரே நாவலில் ஒருத்திக்கு முழுக் கதையாக இருப்பது மற்றவளுக்குப் பின்னணியாகக்கூட இல்லை. இவர்கள் முரண்படுவது கருத்தில் அன்று, கண்ணில். கருத்தில் முரண்படுகிறவர்கள் வாதம் செய்வார்கள், கண்ணில் முரண்படுகிறவர்கள் “இதை நீ பார்க்கவே இல்லையா?” என்று கேட்பார்கள். உங்கள் உரையாடல் வாதத்திலிருந்து இந்தக் கேள்விக்கு நகர வேண்டும்.

அடுத்த சிக்கல், நாவலின் கதையை வாசகருக்கு எவ்வளவு சொல்வது என்பது. மேலே நான் சொன்னதைப் போல் ஒரு சுருக்கத்தைக் கதைக்குள் வைத்தால் கதை அங்கேயே படுத்துவிடும். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட ஒரு கதையில் நாவலின் நிகழ்ச்சிகளுக்காக நூறு, நூற்றைம்பது சொற்களுக்கு மேல் செலவழிக்காதீர்கள். அந்தச் சொற்களையும் கதைசொல்லி சொல்ல வேண்டாம். ஒரே காட்சியை இருவரும் திருப்பிச் சொல்லட்டும், சொல்லும்போது ஆளுக்கு ஒன்றை விட்டுவிடட்டும். நாவலைப் படிக்காத வாசகருக்கு அந்த இரண்டு அரைகுறைச் சொல்லல்களிலிருந்து நிகழ்ச்சி கிடைத்துவிடும். யார் எதை விட்டார்கள் என்பதிலிருந்து ஆட்களும் கிடைத்துவிடுவார்கள். நான் எழுதிப் பார்த்த ஒரு துண்டு:

“அவ அம்மா ஒரு கத்து கத்தினா, முடிஞ்சுபோச்சு. அந்தக் கத்துதான் முழு நாவலும்” என்றாள் மகள்.

“பெத்தவ கத்தாம என்ன பண்ணுவா?”

“வாயை மூடிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாம். கத்தினதாலதானே அண்ணன் அடிச்சு விரட்டினான்?”

அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். காம்பு ஒன்று முறத்தில் விழுந்தது. எடுத்துப் போட்டாள்.

“விரட்டினவன் அண்ணன். பிள்ளை வீட்ல இருக்காம, பின்னாடி மககூட வந்து இருந்தது யாரு? அதை நீ சொல்லவே இல்லையே.”

இந்தத் துண்டில் ஒருவர்கூடக் கங்காவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. மகள் விட்டதை அம்மா எடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் மகள் விட்டது கனகம் உடனிருந்ததை. அதை எடுத்து வைப்பவளும் ஒரு தாய். இதற்குமேல் கதைசொல்லி விளக்கம் தர வேண்டியதில்லை. தந்தால் கெட்டுவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: இருவரும் “அவ” என்கிறார்கள். நாவல் படிக்கும் வீடுகளில் கதாபாத்திரத்தைப் பெயர் சொல்லிப் பேசுவது குறைவு. அம்மா பெயரையே சொல்லாமல் “அந்தப் பொண்ணு” என்று எதிர்வீட்டுக்காரியைப் போலவே கடைசிவரை குறிப்பிடட்டும். மகள் கோபம் ஏறும்போது மட்டும் “கங்கா” என்று சொல்லட்டும். அதேபோல் மகள் அம்மாவை “நீ” என்பாளா, “நீங்க” என்பாளா என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் “நீ” என்று வைத்தேன். “நீங்க” என்று அழைக்கும் மகளால் இந்தச் சண்டையை வேறு சுருதியில்தான் போட முடியும்.

சண்டை எங்கே, எப்போது நடக்கிறது என்பதற்கும் ஒரு பொருள் வேண்டும். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைக்கும் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கலாம். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி வாங்கி வருவார்கள். அப்படிக் கட்டிய தொகுப்பில் நாவலோடு கூடவே வேறு உலகம் ஒன்றும் வந்துவிடும். கடைசிப் பக்கத்தின் மறுபுறத்தில் யாரோ ஒருவரின் சமையல் குறிப்பு பாதியில் நிற்கும், ஒரு துணுக்கு தொடங்கி முடியாமல் போகும், தலைவலி மருந்து விளம்பரத்தின் மேல்பாதி மட்டும் இருக்கும். எங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி நாலைந்து கிடந்தன. கடைசியில் இராமபாணப் பூச்சிதான் அவற்றை ஊன்றிப் படித்தது. உங்கள் கதையில் அம்மா வீடு மாறப் போகிறாள். பரணைக் காலி செய்ய மகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். ஒரு மாதத்துக்கு முன்தான் அவள் நாவலைப் புத்தக வடிவில் இரண்டே இரவுகளில் படித்து முடித்திருக்கிறாள். பரணில் தொடரின் கட்டு கிடைக்கிறது. ஒருத்தி வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக மாதக்கணக்கில் காத்திருந்து படித்தது, மற்றவள் ஒரே மூச்சில் படித்தது என்ற வேற்றுமை அந்தக் கட்டின் வழியாகத் தானாகவே கதைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு வார இடைவெளியிலும் அம்மா கங்காவோடு ஏழு நாள் வாழ்ந்திருக்கிறாள், பத்திரிகை சொல்லாததைத் தானே நினைத்து நிரப்பியிருக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. கட்டில் இரண்டு வாரத்துப் பக்கங்கள் இல்லை. கிழிந்துபோகவில்லை, பிளேடால் நேராக வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. வெட்டியது பாட்டி. பெண் படிக்கக்கூடாது என்று நினைத்த பக்கங்கள். மகள் இதைக் கண்டுபிடித்து, அம்மா கங்காவை ஏன் இவ்வளவு நல்லவளாக நினைக்கிறாள் என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாக மகிழ்கிறாள். எழுதியபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறுநாள் வாசித்தபோது அது ஏமாற்று வேலை என்று தெரிந்தது. முரண்பாட்டுக்குக் காரணம் காணாமல்போன பக்கங்கள்தான் என்றால் அது முரண்பாடே அன்று, தகவல் குறைவு. பக்கங்களைக் கொடுத்துவிட்டால் அம்மா மாறிவிடுவாள், கதை மர்மக் கதையாகி முடிந்துவிடும். அம்மாவை அறியாதவளாக்கி மகளை வெற்றிபெற வைக்கும் இந்த வேலையைத்தான் மூன்று திருத்தங்களிலும் நீங்கள் வேறு வழியில் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அதற்காக அந்த யுக்தியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. பக்கங்கள் வெட்டப்பட்டிருக்கட்டும், மகளும் அதைக் கண்டுபிடிக்கட்டும். ஆனால் அம்மா எழுந்து நின்று அந்தக் கண்டுபிடிப்பைக் கவிழ்க்கட்டும்.

மகள் கட்டை விரித்து, வெட்டுப்பட்ட விளிம்பில் விரலை ஓட்டினாள்.

“இதோ. ரெண்டு வாரம் இல்லவே இல்ல. உனக்குத் தெரியாம ஆத்தா வெட்டி எடுத்திருக்கு. அதான் நீ அவளுக்காகப் பரிஞ்சு பேசுற. நீ முழுசாப் படிக்கவே இல்லம்மா.”

அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெட்டினது தெரியும். எங்க அப்பா சவரம் பண்ற பிளேடு.”

“அப்புறம்?”

“வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் லெண்டிங் லைப்ரரியில மெம்பரானேன். முதல்ல எடுத்த புஸ்தகம் இதுதான். எக்ஸ்சேஞ்சுல டீ குடிக்கற நேரத்துல படிச்சேன். வீட்டுக்கு எடுத்துட்டு வரல.”

“ஆத்தாகிட்ட சொன்னியா?”

“எதுக்குச் சொல்லணும்?”

இப்போது நிலைமை மாறிவிட்டது. மகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நாவலை அரைகுறையாகப் படித்தவள் அன்று. மகளைவிட ஒரு தடவை கூடுதலாக, ஒளித்து வைத்துப் படித்தவள். தன் சம்பளத்தில் சந்தா கட்டிப் படித்தவள். கங்காவின் வேலையும் சம்பளமும் அம்மாவுக்கு ஏன் பெரிதாகத் தெரிந்தன என்பதை ஒரு சொல்கூடச் சொல்லாமல் இந்த நாலைந்து வரிகள் காட்டிவிடுகின்றன. ஆனால் இதனால் மகளுடைய கோபம் தவறாகிவிடவில்லை, அதை நீங்கள் கவனமாகக் காப்பாற்ற வேண்டும். தன்னைச் சிதைத்தவனிடம் ஒரு பெண் ஏன் போக வேண்டும் என்ற மகளின் கேள்விக்கு நாவலிலேயே எளிதான பதில் கிடையாது. நீங்கள் வெற்றியை அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் பட்டிமன்றம்தான், நடுவர் மட்டும் மாறியிருப்பார். ஆகவே இதற்கு அடுத்த பத்தியிலேயே மகளுக்கு மிக வலுவான வரியைக் கொடுங்கள். என் பிரதியில் அவள் கேட்பது இது: “சரி, படிச்ச. எனக்கு அப்படி ஒண்ணு நடந்து, நான் பன்னெண்டு வருஷம் கழிச்சு அவன்கூடக் கார்ல போனா, நீ என்னடா பொண்ணுன்னு நினைப்ப?” அம்மா இதற்குப் பதில் சொல்வதில்லை. கீரை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். பதில் இல்லாதது அவள் தோற்றுவிட்டதால் அன்று. அந்தக் கேள்வியில் கங்கா கதாபாத்திரமாக இல்லாமல் மகளாகிவிட்டாள், அந்த நிலத்தில் நின்று அம்மாவால் பேச முடியாது.

இங்கே உங்களுக்கு ஒரு சபலம் வரும். மகளுக்கும் உண்மையிலேயே அப்படி ஒன்று எப்போதோ நடந்திருந்தது என்றும், அன்று அம்மா கனகத்தைப் போல் அலறினாள் அல்லது அலறாமல் இருந்தாள் என்றும் ஒரு பழைய இரகசியத்தைத் திறந்துவிடத் தோன்றும். வேண்டாம். நாவலில் நடந்தது வாசகியின் வாழ்க்கையிலும் நடந்திருந்தால் நாவல் வெறும் கண்ணாடியாகிவிடும்; அதை வாசித்ததற்கு ஒரு பொருளும் இருக்காது. பெரும்பாலோர் தமக்கு நடக்காததற்காகத்தான் நாவலோடு சண்டை போடுகிறார்கள். வாழ்க்கையிலிருந்து ஏதேனும் வர வேண்டும் என்றால் சிறியதாக, சாய்வாக வரட்டும். அம்மாவுக்கு 1988இல் மேற்பார்வையாளர் பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல் வந்தது, மகளுக்கு அப்போது ஐந்து வயது, அவள் போகவில்லை என்ற செய்தியை நான் பரணிலிருந்து விழும் ஒரு பழுப்பு உறையாக மட்டும் வைத்தேன். மகள் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, மற்றக் காகிதங்களோடு சேர்த்துக் கட்டுகிறாள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் பிரதியில் பேசினார்கள். நீக்கியபின் கதை ஒரு சுற்று மெலிந்து நன்றாயிற்று.

முடிவைப் பற்றி. சமாதானம் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், ஒரு கதாநாயகியைப் பற்றிய சண்டையில் சமாதானம் ஆக வேண்டிய தேவையே இருவருக்கும் கிடையாது. அது சொத்துத் தகராறு அன்று. இரண்டு நாள் கழித்து வேறொரு வேலையின் நடுவில் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரக்கூடியது. ஆகவே கடைசிக் காட்சியில் சண்டையை நிறுத்தாதீர்கள்; அது வேறொரு வடிவத்தில் நடந்துகொண்டிருக்கட்டும். என் பிரதியில் அது இரவு. பாதி காலியான வீடு, பாயில் இருவரும், விளக்கு அணைத்தாயிற்று.

“தூங்கிட்டியா?”

“இல்ல.”

“அந்தப் பொண்ணு இப்ப இருந்தா எண்பதைத் தாண்டியிருப்பா.”

மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தாண்டியிருப்பாள்தான்.

“அவளுக்குப் பென்ஷன் வந்திருக்குமா?”

“அது கதைம்மா.”

“தெரியும். கேட்டேன்.”

இந்தக் கேள்வி எனக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கிடைத்தது, திட்டமிட்டதன்று. நாவல் முடிந்த இடத்தில் அம்மா கங்காவை விட்டுவிடவில்லை, ஐம்பது ஆண்டுகளாக அவளுக்கு வயது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள், அவளுடைய முதுமைக்குச் சோறு போடுவது யார் என்பதுவரை யோசித்திருக்கிறாள் என்பது அதில் தெரிகிறது. மகள் இன்னும் அந்தக் காரிலேயே நிற்கிறாள். யாரும் யாரிடமும் வரவில்லை.

“கேட்டேன்” என்பதற்குப் பிறகு, மகள் இருட்டில் மெல்லச் சிரித்து அம்மாவின் கையைப் பிடிப்பதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். உங்கள் பிரதியிலும் அந்த வரி ஏதோ ஓர் உருவத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.